இறக்கத்தின் சூட்டை யார் சுமப்பது? பைக்கில் மலையிறங்கும்போது என்ஜினும் கியரும் செய்யும் வேலை

"இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால்தான் பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அப்படிக் குறைத்தால் என்ஜின் கெட்டுப்போகும் என்கிறார் ஒருவர். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் இன்னொருவர். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் போதும், கியர் எதுவானாலும் பரவாயில்லை என்கிறார் மூன்றாமவர். மூவரும் பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்களாக இருப்பதால் புதியவருக்குக் குழப்பம் கூடுகிறது. அடியில் நடக்கும் ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் இந்த மூன்றுக்கும் நீங்களே விடை சொல்லிவிடலாம். கியர் உள்ள பைக்கை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஸ்கூட்டருக்கு மட்டும் தனியாகச் சில வரிகள் பிற்பகுதியில் வருகின்றன.

மலையின் உயரம் சூடாக மாறுகிறது

ஒரு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்த உழைப்பு வீணாகிவிடுவதில்லை, உயரமாக மூட்டையில் சேர்ந்திருக்கிறது. மூட்டையைக் கயிற்றில் கட்டிக் கைகளால் மெல்ல இறக்கினால் உள்ளங்கை எரியும். ஏறும்போது கொடுத்த உழைப்புதான் இறங்கும்போது சூடாகத் திரும்பி வருகிறது. பைக்கும் இப்படித்தான். மலை உச்சியில் நிற்கும் வண்டி, ஏறுவதற்குச் செலவான ஆற்றலின் ஒரு பங்கை உயரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. இறங்கும்போது அது வெளியே வந்தாக வேண்டும். வேகமாக மாறவிட்டால் விபத்து. வேகம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் அத்தனையும் சூடாக மாறும். மூன்றாவது வழி கிடையாது.

எவ்வளவு சூடு என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். வண்டி, ஓட்டுபவர், பின்னால் ஒருவர், கொஞ்சம் சுமை என எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாதை ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 மீட்டர் இறங்குகிறது. நீளம் 6 கிலோமீட்டர், ஆக மொத்த இறக்கம் 600 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பத்து நிமிடத்தில் அடிவாரம். இந்தப் பத்து நிமிடத்தில் வெளிவரும் ஆற்றல், ஆறு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். வேறுவிதமாகச் சொன்னால், தலா ஆயிரம் வாட் இழுக்கும் மூன்று இஸ்திரிப் பெட்டிகளைப் பத்து நிமிடம் ஓடவிட்ட அளவு.

இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. இந்த வேகத்தில் அது சுமார் 700 வாட். மீதி 2,300 வாட்டை நீங்கள்தான் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். வாங்கிக்கொள்ளக் காத்திருப்பவர்கள் இரண்டே பேர்: பிரேக், என்ஜின்.

பிரேக்கிடம் மட்டும் கொடுத்தால்

பிரேக் என்பது ஓடும் சக்கரத்தோடு எதையாவது உரசவிட்டு வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை இரு பக்கமும் பிடிக்கும் உராய்வுத் துண்டுகளுக்குப் பேட் என்று பெயர். டிரம் பிரேக்கில் மூடிய உருளைக்குள்ளிருந்து வெளிப்பக்கமாக அழுத்துபவை ஷூ.

ஒரு முறை நிற்பதற்காகத் தோன்றும் சூட்டை இவை எளிதில் தாங்கும். நின்றபின் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. நீண்ட இறக்கத்தில் அந்த அவகாசம் இல்லை. சிறிய பைக்கின் முன்சக்கரத் தட்டு ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான் இருக்கும். நியூட்ரலில் இறங்கி, 2,300 வாட்டில் பெரும்பகுதியை அந்த ஒரு கிலோ உலோகத்தில் கொட்டினால், காற்று ஆற்றாத பட்சத்தில் ஒவ்வொரு நொடியும் மூன்று டிகிரி ஏறும். காற்று ஆற்றத்தான் செய்கிறது. ஆனாலும் உள்ளே வரும் சூடும் வெளியேறும் சூடும் சமமாவதற்குள் தட்டு சில நூறு டிகிரியைத் தொட்டுவிடும்.

அதன்பின் பிரேக் தளர்கிறது. இது இரண்டு வழிகளில் நிகழ்கிறது. இரண்டும் கைக்கு வேறுவேறாகத் தெரியும் என்பதால் பிரித்து அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, பேட் தளர்வு. பேட்டில் உள்ள பொருள் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடிப்பு குறைகிறது. பிரேக் லீவர் வழக்கம்போல உறுதியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் எதிர்பார்த்தபடி அடங்காது. எரிந்த வாடையும் வரும்.

இரண்டாவது, இதைவிட ஆபத்தானது. லீவரின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் திரவம், அதாவது நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது, கொதிக்கத் தொடங்குகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். ஆகவே ஆவிக் குமிழ்கள் தோன்றியதும் உங்கள் விரலின் அழுத்தமெல்லாம் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகி, லீவர் பஞ்சுபோல ஹேண்டில்பார் வரை வந்துவிடும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த திரவத்துக்கு அதே தரவிதி கேட்கும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரி மட்டுமே. சமதளத்தில் ஆண்டுக்கணக்கில் குறையே சொல்லாத பழைய பிரேக் ஆயில், முதல் மலைப்பயணத்தில் கைவிடுவது இதனால்தான். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் இதற்காகவே.

டிரம் பிரேக்கில் சூட்டால் உருளையே விரிவடைந்து ஷூவை விட்டு விலகும். மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கத் தொடங்கினால் அதுதான் அடையாளம்.

சுருக்கமாக: சூடு வந்தே தீரும். அதை முழுவதும் பிரேக்கிடம் கொடுத்தால் பிடிப்பு குறையலாம், அல்லது லீவரே காலியாகிவிடலாம்.

என்ஜின் எப்படித் தடுக்கிறது

ஆக்சிலேட்டரை மூடிவிட்டு கியரிலேயே ஓடவிட்டால், என்ஜின் சக்கரத்தைச் சுழற்றுவது நின்று சக்கரம் என்ஜினைச் சுழற்றத் தொடங்குகிறது. என்ஜின் அதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. இந்த மறுப்புக்குத்தான் என்ஜின் பிரேக் என்று பெயர். தனியாக அப்படி ஒரு பாகம் கிடையாது.

உள்ளே காற்று அழுத்தப்படுவதால்தான் இந்தத் தடை வருகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது சரியன்று. அழுத்தப்பட்ட காற்று சுருள்வில் போல மறுபடி விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடுகிறது. வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உண்மையான தடை அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது. ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சின் துளையை விரலால் ஏறக்குறைய மூடிக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள். கை வலிக்கும். ஆக்சிலேட்டரை மூடும்போது காற்று வரும் வழியும் இப்படித்தான் மூடிக்கொள்கிறது. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் அந்த வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டும். இழுத்த உழைப்பு திரும்பிவருவதில்லை. இதோடு பிஸ்டன், தாங்கிகள், எண்ணெய் ஆகியவற்றின் உராய்வும் சேர்கிறது.

சிரிஞ்சை ஒரு முறை இழுத்தால் கொஞ்சம் உழைப்பு. நிமிடத்துக்கு எத்தனை முறை இழுக்கிறீர்கள் என்பதுதான் மொத்த உழைப்பைத் தீர்மானிக்கிறது. கியரின் வேலை இங்கேதான் வருகிறது.

கியர் ஏன் எல்லாவற்றையும் மாற்றுகிறது

கியர் என்பது சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது என்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பற்சக்கர ஜோடி. கியர் எண் குறையக் குறைய, அதே வேகத்தில் என்ஜின் அதிகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. ஆகவே அதிகமாகத் தடுக்கிறது.

நம் 300 கிலோ வண்டிக்குத் திரும்புவோம். 150 சிசி என்ஜின், ஐந்து கியர், மணிக்கு 36 கிலோமீட்டர் என்று கொள்வோம். பின்வருபவை என் தோராயக் கணக்குகள். வண்டிக்கு வண்டி இவை மாறும், ஆனால் போக்கு மாறாது. ஐந்தாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுச் சுற்றும், சுமார் 600 வாட்டை வாங்கிக்கொள்ளும். மீதி 1,700 பிரேக்குக்கு. மூன்றாம் கியரில் 4,300 சுற்று, என்ஜின் பங்கு 1,000 வாட். இரண்டாம் கியரில் 6,000 சுற்று, என்ஜின் பங்கு 1,600 வாட். இப்போது பிரேக்குக்கு மிஞ்சுவது 700 வாட்தான். நியூட்ரலில் 2,300 வாட்டைச் சுமந்த அதே பிரேக், இரண்டாம் கியரில் அதில் மூன்றில் ஒரு பங்கையும் சுமக்கவில்லை.

வேகத்தை மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் குறைத்து முதல் கியருக்கு வந்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். மெதுவாக இறங்குவதால் நொடிக்கு வெளிவரும் சூடே பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதை என்ஜின் ஏறக்குறைய முழுவதும் வாங்கிக்கொள்ளும். மிகச் செங்குத்தான, வளைவுகள் நெருங்கிய இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே வண்டி ஒரே சீராக இறங்குவது இப்படித்தான்.

சரி, என்ஜினுக்குச் சூடு தாங்குமா? மேடேறும்போது எரியும் பெட்ரோலிலிருந்து இதைப் போலப் பல மடங்கு சூட்டை அது தினமும் வெளியேற்றுகிறது. இறக்கத்தில் எரிப்பு ஏறக்குறைய நின்றுபோவதால் ஏறியபோது இருந்ததைவிடக் குளிர்ந்துகூட வரும்.

சுருக்கமாக: கியர் குறைந்தால் சுற்று கூடுகிறது, சுற்று கூடினால் என்ஜின் வாங்கும் பங்கு கூடுகிறது, பிரேக்குக்கு வேலை குறைகிறது.

சரியான கியரை எப்படிக் கண்டுபிடிப்பது

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய விதி. தொடக்கத்துக்கு நல்லது, முடிவான விதி அன்று. ஏறுவதற்குத் தாராளமாகச் சக்தி உள்ள வண்டி மேட்டை நான்காம் கியரில் ஏறிவிடும். இறங்கும்போது அந்த கியர் போதாது.

நான் நம்புவது ஒரு சிறிய சோதனையை. இறக்கத்தில் நீங்கள் விரும்பும் வேகத்துக்குப் பிரேக்கால் வந்துவிட்டு, ஆக்சிலேட்டரை மூடி, பிரேக்கையும் விட்டுவிட்டு மூன்று நான்கு நொடி கவனியுங்கள். வேகம் நிலைத்து நின்றாலோ மெல்ல ஏறினாலோ கியர் சரி. மளமளவென்று ஏறினால் ஒரு கியர் குறைக்க வேண்டும். வண்டி நின்றுவிடுவதுபோல இழுத்து, நீங்கள் ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டியிருந்தால் ஒரு கியர் கூட்டலாம்.

கியர் குறைக்கும் வரிசை முக்கியம். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு கிளட்ச்சைப் பிடித்து ஒரே ஒரு கியர் குறைத்து, ஆக்சிலேட்டரைச் சற்றே முறுக்கி என்ஜின் சுற்றை உயர்த்திக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விடுங்கள். அந்தச் சிறு முறுக்கல் இல்லாமல் கிளட்ச்சைச் சடாரென விட்டால், திடீரென வரும் தடை பின்சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கும். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்திருப்பதால் பின்சக்கரம் தரையை ஏற்கெனவே லேசாகத்தான் பற்றியிருக்கிறது. ஈரமான சாலையிலோ மணல் கிடக்கும் வளைவிலோ அது வழுக்க இவ்வளவு போதும். ஆகவே கியர் மாற்றம் எல்லாம் வளைவுக்கு முன், வண்டி சாயாமல் நேராக ஓடும்போதே முடிந்துவிட வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவது இன்னும் நல்லது. வேகம் ஏறியபின் குறைப்பது கடினம்.

என்ஜின் கெடுமா என்ற கேள்விக்கு இங்கே நேரான விடை உண்டு. 6,000 சுற்றுச் சத்தம் காதுக்கு அதிகமாகத் தெரியலாம், ஆனால் 9,000 சுற்றைத் தாங்கும்படி செய்த என்ஜினுக்கு அது சாதாரணம். கெடுப்பது வேறொன்று. அதிக வேகத்தில் போகும்போது இரண்டு மூன்று கியர்களை ஒன்றாகக் குறைத்தால், சக்கரம் என்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். சுற்று எல்லை மீறாமல் காக்கும் மின்னணு ஏற்பாட்டாலும் இதைத் தடுக்க முடியாது. அது எரிபொருளை நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது.

மீதிச் சூட்டுக்குப் பிரேக்கைப் பிடிக்கும் விதம்

சரியான கியரிலும் 700 வாட் மிஞ்சியது. அதைப் பிரேக்குக்குக் கொடுக்கும்போது லேசாகப் பிடித்தபடியே இறங்காமல், வேகம் 40-ஐ நெருங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாக அழுத்தி, 30-க்கு வந்ததும் முழுவதும் விட்டுவிடுங்கள். மறுபடி ஏறும்வரை என்ஜின் பார்த்துக்கொள்ளும்.

இந்த விட்டுப் பிடித்தலைப் பற்றிய நம்பிக்கை கொஞ்சம் மிகையானது என்பதையும் சொல்ல வேண்டும். சராசரி வேகம் ஒன்றாக இருந்தால் பிரேக்குக்குப் போகும் மொத்தச் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். விட்டுப் பிடிப்பதால் அது மறைந்துவிடாது. பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பேட் விலகியிருக்கும் நேரத்தில் தட்டின் சூடு திரவத்தை நோக்கிப் பாய்வது குறைகிறது. ஒவ்வொரு முறை புதிதாக அழுத்தும்போதும் லீவர் எப்படி இருக்கிறது என்பது கைக்குத் தெரிகிறது. உயர்ந்த கியரில் இருந்துகொண்டு எவ்வளவு திறமையாக விட்டு விட்டுப் பிடித்தாலும் கியரின் வேலையை அது செய்யாது.

பின்பிரேக் மிதியின் மேல் பாதத்தை வைத்தபடியே இறங்குவது மிகப் பரவலான தவறு. நானே ஒரு நீண்ட இறக்கத்தின் அடியில் நிறுத்தியபோது பின்சக்கரத்திலிருந்து எழுந்த வாடையில்தான் என் வலது பாதம் வழி முழுவதும் ஓய்வெடுத்தது அங்கேதான் என்று உணர்ந்தேன். பல பைக்குகளில் பின் தட்டு முன்னதைவிடச் சிறியது. லேசான அழுத்தம் என்பதால் வேகத்தில் வித்தியாசம் தெரியாது, சூடு மட்டும் சேரும். பாதத்தை மிதியிலிருந்து விலக்கி வைத்திருங்கள்.

இன்னொன்று: என்ஜின் பிரேக்கில் வேகம் குறையும்போது பின்னாலுள்ள பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வண்டி வந்தால், லீவரை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுக் காட்டுங்கள்.

நியூட்ரலும் பெட்ரோலும்

எரிபொருள் பீய்ச்சும் அமைப்புள்ள இன்றைய என்ஜின்களில் பெரும்பாலானவை, ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது பெட்ரோலை முற்றாக நிறுத்திவிடுகின்றன. சக்கரமே என்ஜினைச் சுழற்றுவதால் அதற்கு எரிபொருள் தேவைப்படுவதில்லை. நியூட்ரலில் விட்டால்தான் அணைந்துபோகாமல் இருக்கப் பெட்ரோல் எரிய வேண்டியிருக்கிறது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் சிறிதளவு பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும், அவ்வளவே. கிளட்ச்சைப் பிடித்தபடி இறங்குவதும் நியூட்ரலில் இறங்குவதும் ஒன்றுதான். இரண்டிலும் என்ஜின் சக்கரத்திலிருந்து பிரிந்துவிடுகிறது.

ஸ்கூட்டரில்

கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிரேக் உண்டு, ஆனால் குறைவு. கியரை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது. முக்கியமான சிக்கல் இதன் கிளட்ச்சில் இருக்கிறது. அது சுழலும் வேகத்தால் தானாகப் பிடிப்பது. ஆக்சிலேட்டரை மூடி மிக மெதுவாகப் போனால் அது விட்டுவிடும், வண்டி நியூட்ரலில் இருப்பதுபோல உருளத் தொடங்கும். இழுவை மறைந்து வண்டி திடீரென இலகுவாவதை உணர்ந்தால், ஆக்சிலேட்டரை ஒரு கணம் சற்றே கொடுத்து மூடுங்கள். கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும். பிரேக்கின் சுமை பைக்கைவிட அதிகம் என்பதால் நீண்ட இறக்கத்தில் நடுநடுவே நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர வழியில்லை.

சூடு மீறிவிட்டால்

லீவர் பஞ்சுபோலத் தோன்றினால் விரைவாகப் பல முறை அழுத்தி விடுங்கள். ஓரளவு அழுத்தம் திரும்பக்கூடும். பின்பிரேக்கைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு கியராகக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்தியபின் சூடான பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நிற்காமல், முதல் கியரில் போட்டு என்ஜினை அணைத்து, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சட்டெனக் குளிர்ந்த உலோகம் கோணிப்போகலாம். அரை மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் லீவர் பழையபடி உறுதியாகிவிடும். ஆவி மறுபடி திரவமாகிவிட்டது என்பதுதான் அதன் பொருள். அந்தத் திரவத்தின் கொதிநிலை இன்னும் அதே தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே மிச்ச இறக்கத்தை முதல் இரண்டு கியர்களிலேயே முடித்து, அடுத்த பயணத்துக்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

குறையில்லாமல் அடிவாரம் சேர்ந்தாலும் ஒன்றைச் செய்து பாருங்கள். வண்டியை நிறுத்தி, தட்டைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். அடுப்பின் முன் நீட்டியதுபோல அனல் அடித்தால், அடுத்த முறை அதே இறக்கத்தில் ஒரு கியர் குறைத்து இறங்குங்கள். மறுபடி அதே இடத்தில் நின்று கையை நீட்டினால் வித்தியாசம் உள்ளங்கைக்கே தெரியும்.